பிட்காயின் அனுப்பக் கட்டணம் இறங்கும் நேரத்தைக் கணிப்பது எப்படி: மெம்பூல் வரிசையைப் படிக்க முழுமையான வழிகாட்டி

பிட்காயின் அனுப்பும் கட்டணத்தை யாரும் நிர்ணயிப்பதில்லை. காத்திருக்கும் பரிவர்த்தனைகள் எல்லாம் மெம்பூல் என்கிற ஒரு கூடத்தில் கிடக்கின்றன. சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு மைனர் அங்கிருந்து அதிகக் கட்டணம் தருகிறவற்றைப் பொறுக்கி ஒரு பிளாக்கில் அடைக்கிறார். ஒரு பிளாக்கில் இருக்கும் இடம் சுமார் 10 லட்சம் விர்ச்சுவல் பைட், அதாவது 1 vMB. கூட்டம் குறைவாக இருந்தால் சில்லறைக் காசுக்கும் இடம் கிடைக்கும். கூட்டம் சேர்ந்தால் ஏலம்தான்.

ஆகவே "இப்போது கட்டணம் எவ்வளவு?" என்று மட்டும் பார்ப்பவருக்குப் பாதி விஷயம்தான் தெரியும். "எனக்கு முன்னால் எவ்வளவு பேர் நிற்கிறார்கள், அந்த வரிசை கரைகிறதா, நீள்கிறதா?" என்பதுதான் பார்க்க வேண்டியது. அதை எப்படிப் பார்ப்பது என்று ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன். நானே செய்த ஒரு பரிமாற்றத்தையும் கணக்கோடு கூடவே எடுத்து வருகிறேன்.

## தொடங்கும் முன்: கட்டணம் உங்கள் கையில் இருக்கிறதா?

உங்கள் காயின் ஒரு எக்ஸ்சேஞ்சில் இருந்தால், அவர்கள் எடுக்கும் கட்டணம் பெரும்பாலும் அவர்களே வைத்த ஒரு நிலையான தொகை. மெம்பூல் காலியாகக் கிடந்தாலும் அதே தொகையைத்தான் பிடிப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் நேரம் பார்த்துக் காத்திருப்பதில் பயனில்லை. காயினை வெளியே எடுக்கும் பக்கத்தில் கட்டணம் நாளுக்கு நாள் மாறுகிறதா என்று இரண்டு மூன்று முறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இந்த வழிகாட்டி, சாவி தன் கையில் இருக்கும் வாலட்டிலிருந்து அனுப்புகிறவர்களுக்கானது. அந்த வாலட்டில் இரண்டு வசதிகள் இருக்க வேண்டும். ஒன்று, கட்டணத்தை sat/vB கணக்கில், அதாவது ஒரு விர்ச்சுவல் பைட்டுக்கு இத்தனை சடோஷி என்று, நாமே தட்டச்சு செய்ய முடிய வேண்டும்; சடோஷி என்பது பிட்காயினின் மிகச் சிறிய அலகு. இரண்டு, அனுப்பிய பிறகு கட்டணத்தை உயர்த்தும் RBF வசதி வேண்டும். Sparrow, Electrum, BlueWallet ஆகியவற்றில் இரண்டும் உண்டு. "மெதுவாக, நடுத்தரம், வேகமாக" என்று மூன்று பொத்தான்கள் மட்டுமே உள்ள வாலட்டை வைத்துக்கொண்டு இதில் இறங்க வேண்டாம்.

## படி 1: உங்கள் பரிவர்த்தனையின் எடையைக் கணக்கிடுங்கள்

அனுப்பும் தொகைக்கும் கட்டணத்துக்கும் சம்பந்தமே இல்லை. பரிவர்த்தனை எத்தனை விர்ச்சுவல் பைட் இடத்தைப் பிடிக்கிறது என்பதே கணக்கு. அந்த இடத்தைப் பெரும்பாலும் தின்பது உள்ளீடுகள்.

உங்கள் வாலட்டில் இருக்கும் இருப்பு ஒரே கட்டியாக இல்லை. எப்போதெல்லாம் உங்களுக்குக் காசு வந்ததோ, அப்போதெல்லாம் வந்த ஒவ்வொரு துண்டும் தனித்தனியாகவே கிடக்கிறது. அனுப்பும்போது தேவையான துண்டுகள் எல்லாம் உள்ளீடுகளாக மேலே வருகின்றன. bc1q என்று தொடங்கும் சாதாரண ஒற்றைச் சாவி முகவரியில் ஓர் உள்ளீட்டுக்குச் சுமார் 68 vB, காசு போய்ச் சேரும் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் 31 vB, பொதுச் செலவாக ஏறக்குறைய 11 vB. 1 என்று தொடங்கும் பழைய முகவரியில் ஓர் உள்ளீடே 148 vB பிடிக்கும்.

அதனால் ஒரு துண்டை எடுத்து, ஒருவருக்குக் கொடுத்து, மீதியைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் சாதாரணப் பரிவர்த்தனை சுமார் 141 vB. நான் செய்ய வேண்டியிருந்தது வேறு. சிறிது சிறிதாக வந்து சேர்ந்த 20 துண்டுகளை ஒன்றாக்கி என் ஹார்ட்வேர் வாலட்டுக்கு மாற்ற வேண்டும். 20 உள்ளீடு, ஒரே வெளியீடு: 1360 + 31 + 11 = 1402 vB. சாதாரணப் பரிவர்த்தனையைப் போலப் பத்து மடங்கு.

இந்தக் கணக்கை முதலில் போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 141 vB பரிவர்த்தனையில் 8 sat/vB-க்கும் 5 sat/vB-க்கும் உள்ள வித்தியாசம் 423 சடோஷி. அதற்காக ஒரு இரவு விழித்திருக்கத் தேவையில்லை. 1402 vB என்றால் அதே வித்தியாசம் நாலாயிரத்துக்கும் மேல். காத்திருக்கலாமா வேண்டாமா என்பது இங்கேயே தெரிந்துவிடும்.

## படி 2: முகப்பில் தெரியும் எண்ணை அதன் அளவுக்கே நம்புங்கள்

mempool.space தளத்தைத் திறந்தால் மேலே நான்கு எண்கள் தெரியும்: No Priority, Low Priority, Medium Priority, High Priority. பலர் இதில் Low Priority என்பதைப் பார்த்து "மலிவு விலை" என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது மலிவு அல்ல. ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் உள்ளே போக இப்போதைய கூட்டத்தில் என்ன தேவை என்பதுதான் அது. கூட்டம் கொதிக்கும் நாளில் அந்த Low கூட 60 இருக்கலாம்.

அப்புறம், இந்த எண்கள் குதிப்பதற்கு எப்போதும் கூட்டம்தான் காரணம் என்றில்லை. பிளாக் வருவது குலுக்கல் மாதிரி. சராசரிதான் பத்து நிமிடம். இடைவெளி ஒவ்வொரு முறையும் மாறும். முப்பது நிமிடத்துக்கு மேல் பிளாக் வராமல் இருக்கும் வாய்ப்பு சுமார் 5 சதவீதம். ஒரு நாளைக்குச் சுமார் 144 பிளாக் என்பதால், தினமும் சராசரியாக ஏழு முறை இப்படி ஒரு நீண்ட இடைவெளி வரும் என்று எதிர்பார்க்கலாம். அந்த அரை மணியில் புதியவர்கள் வந்து குவிவதால் எண் ஏறும். அடுத்து இரண்டு மூன்று பிளாக் அடுத்தடுத்து வந்தால் தானாகவே இறங்கிவிடும்.

ஆக எண் திடீரென்று ஏறினால் முதலில் கடைசி பிளாக் எத்தனை நிமிடத்துக்கு முன் வந்தது என்று பாருங்கள். 35 நிமிடம் ஆகியிருந்தால் அது வெறும் தாமதம். பத்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். பிளாக்குகள் ஒழுங்காக வந்துகொண்டிருந்தும் எண் ஏறினால் அது உண்மையான கூட்டம்.

## படி 3: வரிசையின் நீளத்தை அளவெடுங்கள்

இதுதான் மையமான வேலை. முதலில் உங்கள் இலக்கு விலையைத் தீர்மானியுங்கள். அதைக் கற்பனையில் எடுக்காதீர்கள். mempool.space-ன் Graphs பக்கத்தில் கடந்த ஒரு வார மெம்பூல் படத்தைப் போட்டுப் பாருங்கள். வெவ்வேறு கட்டணப் பட்டைகள் நிற அடுக்குகளாகத் தெரியும். எந்தப் பட்டை வரை வாரத்தில் ஒருமுறையாவது முழுதாகக் கரைந்திருக்கிறது என்று கவனியுங்கள். அதுதான் நியாயமான இலக்கு. வாரம் முழுக்க ஒருமுறைகூடக் கரையாத பட்டையில் போய் நின்றால் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

என் விஷயத்தில் அன்று வெள்ளிக்கிழமை மாலை. High Priority 40 sat/vB. அந்த விலைக்கு என் பரிவர்த்தனை 56,080 சடோஷி ஆகும். முந்தைய வாரப் படத்தில் 6 வரையிலான அடுக்கு இரண்டு முறை கரைந்திருந்தது. சரி, இலக்கு 6.

இப்போது 6-க்கு மேல் கொடுக்கத் தயாராக இருப்பவர்கள் எத்தனை vMB என்று தெரிய வேண்டும். படத்தில் சுட்டியை வைத்துப் பார்த்தே ஊகிக்கலாம். துல்லியமாக வேண்டுமென்றால் டெர்மினலில் இந்த ஒரு வரி போதும் (`jq` நிறுவியிருக்க வேண்டும்):

```
curl -s https://mempool.space/api/mempool | jq '[.fee_histogram[] | select(.[0] >= 6) | .[1]] | add'
```

வரும் எண் விர்ச்சுவல் பைட்டில் இருக்கும். அதைப் பத்து லட்சத்தால் வகுத்தால் vMB, அதாவது ஏறக்குறைய எத்தனை பிளாக் வரிசை என்று அர்த்தம். `null` என்று வந்தால் அந்த விலைக்கு மேல் வரிசையே இல்லை, உடனே அனுப்பிவிடலாம். உங்கள் இலக்கு வேறு என்றால் 6 என்பதை மாற்றிக்கொள்ளுங்கள். இதோடு பிளாக் எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும்:

```
curl -s https://mempool.space/api/blocks/tip/height
```

மாலை 6 மணிக்கு எனக்குக் கிடைத்தது 30 vMB. ஒன்றுமே புதிதாக வராவிட்டால் 30 பிளாக், அதாவது ஐந்து மணி நேரம். ஆனால் புதிதாக வராமலா இருக்கும்?

## படி 4: கரையும் வேகத்தைக் கணக்கிடுங்கள்

இரண்டு மூன்று மணி நேரம் கழித்து அதே இரண்டு கட்டளைகளையும் மறுபடி ஓட்டுங்கள். இரவு 9 மணிக்கு எனக்கு வந்த எண் 26 vMB. இடையில் பிளாக் எண் 17 கூடியிருந்தது.

17 பிளாக் என்றால் சுமார் 17 vMB வெளியே போயிருக்கிறது. வரிசையோ 4 மட்டுமே குறைந்திருக்கிறது. அப்படியானால் மூன்று மணி நேரத்தில் 6-க்கு மேல் கட்டணத்தோடு புதிதாக வந்தவை 13 vMB, மணிக்கு 4.3. நெட்வொர்க் ஒரு மணி நேரத்தில் எடுத்துச் செல்லக்கூடியது சராசரியாக 6. மிச்சம் 1.7. வரிசை மணிக்கு 1.7 vMB வீதம் கரைகிறது, 26-ஐக் கரைக்கச் சுமார் 15 மணி நேரம். இதே வேகம் நீடித்தால் சனிக்கிழமை நண்பகல்.

இந்தக் கணக்கில் எனக்குப் பிடித்தது, அது "இல்லை" என்றும் சொல்லும். புதிதாக வருவது மணிக்கு 6-க்கு மேல் இருந்தால் வரிசை நீண்டுகொண்டே போகிறது. எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அந்த இலக்கில் இடம் கிடைக்காது. இலக்கை உயர்த்த வேண்டும், இல்லையென்றால் வேறொரு நாளைக்குத் தள்ளிவைக்க வேண்டும். இந்த ஒரு தகவலுக்காகவே இரண்டு முறை அளவெடுப்பது தகும். ஒருமுறை மட்டும் பார்ப்பவருக்கு நீளும் வரிசையும் கரையும் வரிசையும் ஒரே மாதிரிதான் தெரியும்.

ஒரு எச்சரிக்கை: அரை மணி இடைவெளியில் எடுத்த அளவை நம்பாதீர்கள். அதற்குள் ஆறு பிளாக்கும் வரலாம், ஒன்றுமே வராமலும் போகலாம். இரண்டு மணி நேரமாவது வேண்டும்.

வாரத்தின் எந்த நேரம் என்பதும் இதில் சேரும். சனி, ஞாயிறுகளில் புதிதாக வருவது பொதுவாகக் குறையும், காரணம் எக்ஸ்சேஞ்சுகளும் நிறுவனங்களும் அனுப்புவது வார நாட்களில் அதிகம். ஐரோப்பாவும் அமெரிக்காவும் ஒரே நேரத்தில் விழித்திருக்கும் மணிகளில் கூட்டம் கூடும். வெள்ளி இரவு எடுத்த வேகம் சனிக்கிழமை இன்னும் சாதகமாகத்தான் மாறும் என்று எதிர்பார்க்கலாம். திங்கள் காலையில் எடுத்த வேகத்தை அப்படி நம்ப முடியாது. இது போக்கு மட்டுமே, சட்டமில்லை. ஞாயிற்றுக்கிழமையே கூட்டம் கொதித்த வாரங்களும் உண்டு.

முன்பே தேதி தெரிந்த நிகழ்வுகள் இந்தப் போக்கையெல்லாம் தூக்கிப் போட்டுவிடும். 2024 ஏப்ரல் 20 அன்று மைனர்களின் வெகுமதி பாதியாகும் ஹால்விங் நடந்த 840000-ஆவது பிளாக்கில் மட்டும் கட்டணம் 37 பிட்காயினுக்கு மேல் சேர்ந்தது. அந்தப் பிளாக்கின் வெகுமதியே 3.125 பிட்காயின்தான். அதே பிளாக்கில் ரூன்ஸ் என்கிற புதிய டோக்கன் முறை தொடங்கியதால் இடத்துக்கு அடிதடி. சில நாட்களில் அந்தக் கொதிப்பு வெகுவாக அடங்கியது. இப்படிப்பட்ட தேதி தெரிந்திருந்தால் அதற்கு முந்தைய வாரமே வேலையை முடித்துவிடுங்கள்.

## படி 5: விழித்திருக்காமல், விலையைக் கேட்டுவிட்டுத் தூங்குங்கள்

விலை இறங்கும் நொடிக்காகத் திரையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. இலக்கு விலையிலேயே இப்போதே அனுப்பிவிடலாம். வரிசை கரைந்து உங்கள் முறை வரும்போது மைனர் எடுத்துக்கொள்வார். மலிவான நேரம் நள்ளிரவு 3 மணிக்கு வந்து 4 மணிக்குப் போய்விட்டாலும் உங்கள் பரிவர்த்தனை அங்கே தயாராக நிற்கும். நேரில் உட்கார்ந்து பிடிப்பவரைவிட இப்படி நிற்பவருக்கே வாய்ப்பு அதிகம்.

அனுப்பும்போது முழு எண்ணைத் தவிருங்கள். பெரும்பாலானவர்கள் 5, 6, 10 என்றே போடுவதால் அந்த இடங்களில் கூட்டம் தடித்து நிற்கும். நான் 6.1 போட்டேன். சரியாக 6-ல் நிற்கும் அத்தனை பேருக்கும் முன்னால் போக ஆன கூடுதல் செலவு 140 சடோஷி. மொத்தக் கட்டணம் 8,553. RBF பொத்தான் இயங்கும் நிலையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டு அனுப்பினேன்.

அன்று இரவு 11 மணியளவில் நாற்பது நிமிடம் பிளாக்கே வரவில்லை. High Priority 31-லிருந்து 44-க்கு ஏறியது. படி 2-ல் சொன்னது நினைவிருந்ததால் நான் அசையவில்லை. காலை 7 மணிக்கு வரிசை 9 vMB. மதியம் 1.40-க்கு உறுதியானது. கணக்கு சொன்னதைவிட ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம் தாமதம். வெள்ளி மாலை அவசரப்பட்டிருந்தால் கொடுத்திருக்க வேண்டியதில் 47,527 சடோஷி மிஞ்சியது.

## தவறு நடக்கும் இடங்கள்

எதிர்த்தரப்பு கொடுத்த பில்லில் "15 நிமிடத்துக்குள் செலுத்தவும்" என்று கடிகாரம் ஓடினால் இந்த முறை வேண்டவே வேண்டாம். தாமதமாகப் போன காசைத் திரும்பப் பெறுவது பெரும் அலைச்சல். உங்கள் ஒரு வாலட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது, துண்டுகளை ஒன்றாக்குவது, அவசரமில்லாத நண்பருக்குக் கொடுப்பது போன்றவற்றுக்கே இது பொருந்தும்.

காத்திருக்கும்போது புதிய கூட்டம் வந்து வரிசை மறுபடி நீண்டால் பதற வேண்டாம். படி 4-ஐ மறுபடி செய்யுங்கள். கரையும் என்றால் விட்டுவிடுங்கள். கரையாது, அவசரமும் வந்துவிட்டது என்றால் RBF மூலம் உயர்த்துங்கள். புதிய பரிவர்த்தனை பழையதைவிட மொத்தத் தொகையிலும் அதிகம் தர வேண்டும் என்பது விதி. ஆகவே 6.1-லிருந்து 7, பிறகு 8, பிறகு 9 என்று சின்னச் சின்னதாக ஏற்றுவது வீண். புதிதாக அளவெடுத்து, ஒரே தாவலில் சரியான விலைக்குப் போங்கள்.

நெருக்கடி முற்றினால் குறைந்த கட்டணப் பரிவர்த்தனைகள் கூடத்திலிருந்தே வெளியேற்றப்படும். பரிவர்த்தனைகளைச் சரிபார்த்துக் கடத்தும் கணினிகளான நோடுகள், Bitcoin Core மென்பொருளில் இயல்பாக 300 MB நினைவகம்தான் இதற்கு ஒதுக்குகின்றன. அது நிரம்பினால் அடியில் இருப்பவை கழிக்கப்படும். இரண்டு வாரம் உறுதியாகாமல் கிடப்பதும் கழிக்கப்படும். இதனால் காசு தொலையாது, உங்கள் துண்டுகள் உங்களிடமே இருக்கும். தளத்தில் உங்கள் பரிவர்த்தனையைத் தேடினால் கிடைக்காமல் போவதுதான் அடையாளம். ஆனால் யாரிடமாவது பழைய பிரதி இருந்து அவர்கள் மறுபடி பரப்பினால் அது உயிர்பெறலாம். எனவே மறுபடி அனுப்பும்போது அதே துண்டுகளில் ஒன்றையாவது பயன்படுத்துங்கள். இரண்டில் ஒன்றுதான் செல்லும் என்பது உறுதியாகிவிடும், இருமுறை அனுப்பிய ஆபத்து வராது.

மிகவும் அடித்தளத்துக்கும் போக வேண்டாம். நெடுநாளாக 1 sat/vB-க்குக் கீழே இருப்பதை நோடுகள் கடத்தாது என்பதே இயல்பாக இருந்தது. 2025-ல் வந்த Bitcoin Core 29.1, 30 பதிப்புகள் இதை 0.1 ஆகக் குறைத்தன. ஆனாலும் நீங்கள் இணைந்திருக்கும் நோடு பழையதாக இருந்தால் உங்கள் பரிவர்த்தனை அங்கேயே நின்றுவிடும். ஒன்றுக்குக் கீழே முயலும் முன் வாலட் எந்த நோடோடு பேசுகிறது என்று பாருங்கள்.

## எத்தீரியத்தில் இதே முறை பொருந்தாது

எத்தீரியத்தில் 2021 ஆகஸ்ட் முதல் அடிப்படைக் கட்டணத்தை நெறிமுறையே கணக்கிடுகிறது. பிளாக் பாதிக்கு மேல் நிரம்பினால் ஏறும், குறைந்தால் இறங்கும், ஒரு பிளாக்குக்கு அதிகபட்சம் 12.5 சதவீதம். ஒரு பிளாக்குக்கு 12 நொடி. தொடர்ந்து காலியான ஆறு பிளாக் வந்தால், அதாவது 72 நொடியில், விலை பாதிக்கும் கீழே போய்விடும். இப்படி ஓடும் இடத்தில் வரிசையின் நீளத்தை மணிக்கணக்கில் அளப்பதில் பயனில்லை. வாலட்டில் Max fee என்ற இடத்தில் நீங்கள் தரத் தயாரான உச்சவரம்பை மட்டும் வைத்து அனுப்பிவிடுங்கள்; அடிப்படைக் கட்டணம் அதற்குக் கீழே வரும்போது உள்ளே போகும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஒரே முகவரியிலிருந்து போகும் பரிவர்த்தனைகள் எண் வரிசைப்படிதான் நகரும். உச்சவரம்பு குறைவான ஒன்று நின்றுவிட்டால், அதற்குப் பின் அனுப்பியவை எவ்வளவு கட்டணம் கொடுத்தாலும் அதன் முதுகில்தான் நிற்க வேண்டும். அவசரமானது ஏதாவது வரக்கூடும் என்றால் காத்திருக்கும் பரிவர்த்தனையை வேறொரு முகவரியிலிருந்து அனுப்புங்கள்.